சன்ன அரிசிக்குச் சுழிய விலை: பணவீக்கம் என்ற எண் எதை அளக்கிறது?

(நீண்ட பதிவு. இடையில் இரண்டு சிறு கணக்குகள் உண்டு. கூட்டல் கழித்தல் மட்டுமே.)

2025 அக்டோபரில் இந்தியாவின் சில்லறைப் பணவீக்கம் 0.25 விழுக்காடு என்று அறிவிக்கப்பட்டது. 2012-ஐ அடிப்படையாண்டாகக் கொண்ட குறியீட்டு வரிசையில் அதைவிடக் குறைந்த எண் அதற்கு முன் பதிவானதில்லை. நான் வாழும் தெலங்கானாவில் அதே ஆண்டு ஜூனிலேயே அந்த எண் சுழியத்துக்குக் கீழே போயிருந்தது. அப்போது தொடங்கிய சண்டை, 2024-ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய வரிசை வந்த பிறகும் ஓயவில்லை. ஒரு தரப்பினர், "வாடகையும் பள்ளிக் கட்டணமும் ஏறிக்கொண்டிருக்க, விலைவாசி ஏறவில்லை என்பது பச்சைப் பொய்" என்கிறார்கள். மற்றொரு தரப்பினர் படித்தவர்கள். என் துறையைச் சேர்ந்தவர்களும் அவர்களுள் உண்டு. "உண்மையான பணவீக்கம் இதைவிடவும் குறைவு. நிலையான கூடையைக் கொண்டு அளக்கும் குறியீடு எப்போதும் மிகைப்படுத்தியே காட்டும். மக்கள் விலை ஏறிய பொருளை விட்டு மலிவான பொருளுக்கு மாறிக்கொள்கிறார்கள், பொருள்களின் தரமும் உயர்ந்துகொண்டே வருகிறது" என்பது அவர்களுடைய வாதம்.

முதல் தரப்பு தவறான இடத்தில் கோபம் கொள்கிறது என்றே கருதுகிறேன். ஆனால் இந்தப் பதிவு இரண்டாம் தரப்பை நோக்கியது. பாடநூலின் ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிட்டு, அதை ஏழை வீட்டு அடுப்பங்கரையின் மீது தீர்ப்பாக எழுதுகிற பழக்கத்தை நோக்கியது.

குறியீட்டெண் என்ன கேள்வி கேட்கிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு குறிப்பிட்ட காலத்தில் மக்கள் என்னென்ன வாங்கினார்கள், மொத்தச் செலவில் எவ்வளவு பங்கு எதற்குப் போனது என்பதை வீட்டு நுகர்வுக் கணக்கெடுப்பு சொல்கிறது. அந்தக் கூடையை அப்படியே வைத்துக்கொண்டு, "இதே கூடையை இன்று வாங்க எவ்வளவு கூடுதலாக ஆகும்?" என்று மாதந்தோறும் கேட்பதுதான் குறியீட்டெண். மக்கள் கேட்பது வேறு கேள்வி: "நேற்று வாழ்ந்த அளவுக்கே இன்றும் வாழ எனக்கு எவ்வளவு வேண்டும்?" இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அவற்றுக்கிடையே உள்ள இடைவெளியில் ஒரு பகுதிக்குப் பதிலீட்டுச் சார்பு என்று பெயர்.

ஒரு பருப்புக் கணக்கைப் பார்ப்போம். எண்கள் எளிமைக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஒரு குடும்பம் மாதம் 3 கிலோ துவரம் பருப்பும் 1 கிலோ மைசூர்ப் பருப்பும் வாங்குகிறது. துவரை கிலோ 120 ரூபாய், மைசூர்ப் பருப்பு 90. மொத்தச் செலவு 450 ரூபாய். பிறகு துவரை 180 ரூபாய்க்கு ஏறுகிறது; மைசூர்ப் பருப்பு 90-லேயே நிற்கிறது. குடும்பம் தன் சமையலை மாற்றிக்கொள்கிறது: துவரை 1 கிலோ, மைசூர்ப் பருப்பு 3 கிலோ. செலவு 180, 270. ஆக மொத்தம் அதே 450.

விலை எவ்வளவு ஏறியது? பழைய கூடையை இன்றைய விலையில் வாங்கினால் 630 ரூபாய் ஆகும். ஏற்றம் 40 விழுக்காடு. ஜெர்மானியர் லாஸ்பியர்ஸ் 1871-இல் வகுத்த முறை இது. நம் குறியீட்டின் மேல்தட்டும் ஏறக்குறைய இந்த வழியில்தான் நடக்கிறது. புதிய கூடையைப் பழைய விலையில் வாங்கியிருந்தால் 390 ரூபாய் ஆகியிருக்கும், இன்று 450. ஏற்றம் சுமார் 15 விழுக்காடு. இது 1874-இல் பாஷே வகுத்த முறை. பணப்பையை மட்டும் பார்ப்பவருக்கு ஏற்றமே இல்லை. அன்றும் 450, இன்றும் 450.

இந்தக் கணக்கைக் காட்டி, "பார்த்தீர்களா, 40 விழுக்காடு என்பது மிகை" என்பார்கள். ஆம், மிகைதான். ஆனால் அதே கணக்கில் அவர்கள் வாசிக்காமல் விடும் வரி ஒன்று உண்டு. புதிய கூடை பழைய விலையில் 390 ரூபாய்தான். அன்று குடும்பத்தின் கையில் 450 இருந்தது. மைசூர்ப் பருப்புப் பக்கம் சாய்ந்த அந்தக் கூடையை வாங்கி 60 ரூபாயை மிச்சப்படுத்தியிருக்கலாம்; வாங்கவில்லை. 450 கொடுத்துத் துவரையையே விரும்பி வாங்கியது. ஆகவே இன்று அதே 450-க்கு அந்தக் கூடையோடு நிற்கும் குடும்பம், தன் சொந்தத் தேர்வின்படியே முன்னைவிடத் தாழ்ந்த நிலையில் இருக்கிறது. உண்மையான வாழ்க்கைச் செலவு ஏற்றம் 40-க்குக் கீழே. ஆனால் சுழியத்துக்கு நிச்சயம் மேலே.

பதிலீடு என்பது இழப்பைக் குறைக்கும் வழி. இழப்பு நிகழவில்லை என்பதற்கு அது சான்று ஆகாது. குழம்பில் பருப்பு மாறியிருப்பதை, விலை ஏறாததன் அடையாளமாக எழுதுவது பொருளியல் அன்று. அது வறுமையைச் சேமிப்பு என்று பெயரிடுவது.

இந்த வாதத்துக்கு ஊற்று அமெரிக்காவின் போஸ்கின் குழு. 1996 இறுதியில் அது அளித்த அறிக்கை, அந்நாட்டுக் குறியீடு ஆண்டுக்கு 1.1 விழுக்காட்டுப் புள்ளி மிகையாகக் காட்டுகிறது என்றது. அதில் பதிலீட்டின் பங்கு இரு தட்டுகளையும் சேர்த்து 0.4, கடை மாற்றத்துக்கு 0.1, புதிய பொருள்கள், தர உயர்வு ஆகியவற்றுக்கு 0.6. பெரும்பங்கு தரத்தினுடையது, கணிப்பாளரின் தீர்ப்பை மிக அதிகமாகச் சார்ந்திருப்பதும் அதுவே. அந்த எண் வெறும் ஆராய்ச்சியாக நிற்கவில்லை. 1999-இல் அங்கே கீழ்த்தட்டுக் கணக்கில் பெருக்குச் சராசரி நுழைந்தது. 2002-இல் சங்கிலிக் குறியீடு வெளிவந்தது. 2017-இன் வரிச் சட்டம் வரி அடுக்குகளை அந்தச் சங்கிலிக் குறியீட்டோடு இணைத்தது. மெதுவாக ஏறும் குறியீட்டோடு வரி அடுக்கை இணைத்தால், ஆண்டுகள் செல்லச் செல்ல மக்கள் கூடுதலாக வரி கட்டுவார்கள். குறியீட்டெண் பற்றிய சண்டை யார் பையிலிருந்து யார் பைக்குப் பணம் போகிறது என்ற சண்டை.

அந்த வாதத்தை இங்கே அப்படியே இறக்குமதி செய்ய முடியாது என்பதற்கு 2025 அக்டோபரே சான்று. அந்த மாதத்தில் உணவு விலைகள் முந்தைய ஆண்டைவிடச் சுமார் 5 விழுக்காடு தாழ்ந்திருந்தன. குறியீட்டில் உணவு, பானங்களுக்கு இருந்த எடை 45.86. அது 2011-12-இல் எடுத்த கணக்கெடுப்பிலிருந்து வந்த எடை. இடைப்பட்ட ஆண்டுகளில் மக்களின் செலவில் உணவின் பங்கு குறைந்துவிட்டது; வாடகை, மருத்துவம், போக்குவரத்து ஆகியவற்றின் பங்கு கூடிவிட்டது. 2023-24 கணக்கெடுப்பின்மேல் எழுந்த புதிய வரிசையில் உணவின் எடை 36.75. ஆகவே, உணவு விலை விழுந்த ஒரு காலத்தில், உணவுக்கு இல்லாத எடையைக் கொடுத்திருந்த பழைய கூடை பணவீக்கத்தைக் குறைத்தே காட்டியது. பழைய கூடை எப்போதும் மிகைப்படுத்தும் என்ற சூத்திரம் இங்கே தலைகீழானது.

காரணம் எளிது. விலையைப் பார்த்து மாறுவது பதிலீடு. வருவாயும் வாழ்முறையும் மாறுவதால் கூடை மாறுவது வேறொன்று. பழைய எடையில் இரண்டும் கலந்தே கிடக்கின்றன. பிழை எந்தப் பக்கம் சாயும் என்பது அந்தந்த மாதம் எந்தப் பண்டம் ஏறுகிறது, எது இறங்குகிறது என்பதைப் பொறுத்தது. வேளாண் தொழிலாளர்களுக்கான விலைக் குறியீடு 2025-இன் நடுப்பகுதி வரை 1983-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் எடைகளில் ஓடிக்கொண்டிருந்தது. ஊரக வேலை உறுதித் திட்டத்தின் கூலி அதோடுதான் இணைக்கப்பட்டிருந்தது. செல்பேசி என்ற பொருளே இல்லாத காலத்துக் கூடையைக் கொண்டு செல்பேசிக் காலத்துக் கூலி திருத்தப்பட்டது. அதைப் பற்றி இந்த 'மிகைப்படுத்தல்' அறிஞர்கள் எழுதி நான் பார்த்ததில்லை.

இனி தரத்துக்கு வருகிறேன். இதற்கு ஐதராபாத்தைவிட நல்ல பாடம் கிடைக்காது.

இங்கே அரிசி அரசியலின் மையப் பண்டம். 1983-இல் என்.டி. ராமாராவ் கிலோ 2 ரூபாய்க்கு அரிசி கொடுத்தார். 2011-இல் அது 1 ரூபாய் ஆனது. 2015 தொடக்கத்திலிருந்து புதிய தெலங்கானா மாநிலம் ஆளுக்கு 6 கிலோ வீதம் 1 ரூபாய்க்கே கொடுத்தது. 2023 ஜனவரியில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் தானியத்தை ஒன்றிய அரசு முற்றிலும் இலவசமாக்கியது. ஆனால் வந்ததெல்லாம் 'தொட்டு பிய்யம்', அதாவது மோட்டா அரிசி. தெலங்கானா வீடுகள் உண்ண விரும்புவது 'சன்ன பிய்யம்' எனும் சன்ன அரிசி. வாங்கிய மோட்டா அரிசி மாவுக்கு ஊறும். மீதி வேறு கைகளுக்குப் போகும். சோற்றுக்குக் கடையில் பணம் கொடுத்துச் சன்ன அரிசி வாங்குவார்கள். 2025 மார்ச் 30, உகாதி நாளில், ஹுஸூர்நகரில் தொடங்கிவைக்கப்பட்ட திட்டத்தின்படி ரேஷனிலேயே சன்ன அரிசி ஆளுக்கு 6 கிலோ இலவசமாக வரத் தொடங்கியது.

இதைக் குறியீட்டெண் எப்படிப் பார்த்தது? பார்க்கவே இல்லை. ரேஷன் அரிசியும் கடை அரிசியும் குறியீட்டில் தனித்தனிப் பண்டங்கள், தனித்தனி எடைகள். ஒரு குடும்பம் இரண்டாவதை நிறுத்திவிட்டு முதலாவதுக்கு மாறினால் எடை மாறுவதில்லை. ரேஷன் அரிசியின் விலை மார்ச்சிலும் சுழியம், ஏப்ரலிலும் சுழியம். தரம் மாறியதற்கு அங்கே வரியே கிடையாது.

சுழியத்துக்குத் தனியாகவே ஒரு தொல்லை உண்டு. ஒரு பண்டத்துக்குள் பல கடைகளின் விலை மாற்றங்களைச் சேர்க்க இங்கும் பெருக்குச் சராசரியைப் பயன்படுத்துகிறார்கள். பெருக்கலில் ஓர் எண் சுழியமானால் விடையே சுழியம். நாளை மறுபடி 1 ரூபாய் ஆக்கினால் ஏற்றம் முடிவிலி. ஆகவே, 2023-இல் இலவசமான ரேஷன் தானியங்களின் எடையை விலையுள்ள மற்றப் பண்டங்களின்மீது பகிர்ந்து வைத்தார்கள். கணக்கு ஓடியது. ஆனால் பொருள் என்ன? இலவச அரிசி உண்ணும் குடும்பம், பணம் கொடுத்து வாங்கும் குடும்பத்தைப் போலக் கணக்கிடப்பட்டது. அந்த ஆண்டு ஜூலை 20-இல் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்குத் தடை விதிக்கும் அளவுக்கு அரிசி விலை ஏறியது. அந்த ஏற்றம், அரிசிக்குப் பணமே கொடுக்காதவர் தலையிலும் குறியீட்டில் ஏறியது. இதில் சிக்கல் உண்டு என்பதைப் புள்ளியியல் அமைச்சகமே உணர்ந்து, 2024 இறுதியில் விவாத அறிக்கை ஒன்றை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. அந்த நேர்மையை மதிக்கிறேன்.

தார்நாகாவில் நான் குடியிருக்கும் வீட்டுக்கு எதிரே இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அக்காவிடம் அனுமதி பெற்று அவர் வீட்டுக் கணக்கை எழுதினேன். நான்கு பேர், 24 கிலோ ரேஷன். மாதச் செலவு சுமார் 18,000 ரூபாய். சென்ற ஆண்டு உகாதிக்கு முன், 25 கிலோ மூட்டை ஒன்றைக் கிலோ 52 வீதம் 1,300 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டிருந்தார். இப்போது வாங்குவதில்லை. அதே காலத்தில் வாடகை 500 ரூபாயும் பிள்ளையின் ஆட்டோ 200 ரூபாயும் ஏறியிருந்தன. மற்றவை பெரிதாக மாறவில்லை என்றார்.

குறியீட்டின் கண்ணால் பார்த்தால், பழைய கூடை 18,000, இன்று 18,700. ஏற்றம் 3.9 விழுக்காடு. பணப்பையின் கண்ணால் பார்த்தால், 1,300 குறைந்து 700 கூடி, 17,400. இறக்கம் 3.3 விழுக்காடு. "அப்படியென்றால் உங்களுக்கு இப்போது சற்று வசதிதானே, அக்கா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "தம்பி, வடித்துப் பார்த்தால் தெரியும். புது அரிசி, உருண்டையாகக் குழைகிறது. மூன்று மாதம் டப்பாவில் போட்டுவைத்துத்தான் பொங்குகிறேன்" என்றார்.

அதுதான் தர வேறுபாடு. அறுவடையாகி உடனே அரைத்த அரிசி குழையும். ஓராண்டு பழகியது உதிரியாக நிற்கும். ரேஷன் தரவிதியில் நொறுங்கலுக்கு 25 விழுக்காடு வரை இடம் உண்டு. கடையில் 52 ரூபாய் கொடுப்பவர் அதை ஏற்கமாட்டார். ஆக, இலவச அரிசியை 52 ரூபாய் அரிசிக்குச் சமமாகக் கொள்ள முடியாது. என்ன மதிப்பு வைப்பது? அவர் முன்பு வாங்கிய கடையிலேயே கேட்டேன். அதே ரகத்தின் புது அரிசி, சற்று நொறுங்கலோடு, கிலோ 40. இதைத்தான் எங்கள் துறையில் பண்புவழி விலை என்கிறோம்: ரகம், பழமை, நொறுங்கல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் சந்தை எவ்வளவு கொடுக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது. 24 கிலோ, 40 வீதம் 960 ரூபாய். இதில் ஒன்றைக் கழிக்க வேண்டும்: முன்பு கிடைத்த மோட்டா அரிசிக்கும் அவர் வீட்டில் ஒரு பயன் இருந்தது. கிலோவுக்கு 10 ரூபாய் என்று வைத்தால் 240. நிகர நன்மை 720. வாடகை, ஆட்டோ ஏற்றம் 700. விடை, ஏறக்குறைய சுழியம்.

ஒரே வீடு, ஒரே ஆண்டு. 3.9 ஏற்றம் என்றும், 3.3 இறக்கம் என்றும், மாற்றமே இல்லை என்றும் மூன்று விடைகள். மூன்றிலும் கூட்டல் பிழை இல்லை. தரத்துக்கு வைத்த ஒரே ஓர் எண்ணை மாற்றினால் விடை மாறிவிடும். கிலோ 40 என்பதற்குப் பதில் 45 என்று வைத்திருந்தால் 120 ரூபாய் கூடுதல் நன்மை. 30 என்றால் 240 ரூபாய் குறைவு. தரத் திருத்தம் எவ்வளவு தேவையோ அவ்வளவு ஆபத்தானதும்கூட என்பது இதனால்தான். அந்த எண்ணை யார் வைக்கிறார், எப்படி வைக்கிறார் என்பது வெளியே தெரிய வேண்டும்.

புதிய வரிசை இதைச் சரிசெய்துவிட்டது என்று சொல்பவர்களுக்கு ஒரு நாள்காட்டிக் குறிப்பு. அதன் எடைகள் 2023 ஆகஸ்ட் முதல் 2024 ஜூலை வரை எடுத்த கணக்கெடுப்பிலிருந்து வந்தவை. சன்ன அரிசி ரேஷனுக்கு வந்தது 2025 மார்ச் இறுதியில். ஆகவே புதிய கூடையிலும் தெலங்கானாவின் ஏழைக் குடும்பம் இன்னும் கடையில் சன்ன அரிசி வாங்கிக்கொண்டிருக்கிறது. பிறந்தபோதே அந்தப் பகுதியில் அது பழையதாகிவிட்டது.

எதிர்வாதத்தை நான் அறிவேன். "இலவச அரிசியைக் கணக்கில் சேர்த்தால் பணவீக்கம் குறைவாகத் தெரியும், அதைக் காட்டிக் கூலியை அமுக்குவார்கள். சேர்க்காமல் இருப்பதே ஏழைக்கு நல்லது." இந்த அச்சம் நியாயமானது. ஆனால் தவறான கணக்கு நமக்குச் சாதகமாக இருக்கும்வரை அதைக் காப்பது கொள்கையாகாது. நாளை அரிசியை நிறுத்தினால் அந்த இழப்பையும் இதே குறியீடு பார்க்காது. அப்போது யாரிடம் போய் முறையிடுவது?

நான் கேட்பது மூன்று. முதலாவது, விலை மாற்றத்தை அளக்கும் எண்ணும் வாழ்க்கைச் செலவை அளக்கும் எண்ணும் வெவ்வேறாக வெளிவர வேண்டும். ரிசர்வ் வங்கி 4 விழுக்காடு இலக்கைக் கண்காணிக்க, பணம் கொடுத்து வாங்கும் பண்டங்களின் குறியீடு போதும். கூலி, வறுமைக்கோடு, ஓய்வூதியம் ஆகியவற்றைத் திருத்த, இலவசமாக வருவதையும் தரத்தோடு மதிப்பிடும் தனிக் குறியீடு வேண்டும். இரண்டாவது, அது செலவுப் பிரிவுவாரியாக வேண்டும். இப்போதைய எடைகளில் அதிகம் செலவிடுபவரின் கூடைக்கே அதிகக் குரல். இஸ்திரி வண்டிக்காரரின் கூடை அதில் கரைந்துவிடுகிறது. மூன்றாவது, ஒரு பண்டத்துக்குப் பதில் வேறொன்றை எப்போது வைத்தார்கள், தர வேறுபாட்டுக்கு என்ன எண் கொடுத்தார்கள் என்பதை ஆண்டுக்கொருமுறையாவது வெளியிட வேண்டும். இவற்றில் எதுவும் அசாத்தியமில்லை. விலை திரட்டும் களப்பணியாளர்கள் ஏற்கெனவே மாதந்தோறும் அந்தக் கடைகளில் நிற்கிறார்கள். அரிசியின் விலையோடு அதன் வயதையும் நொறுங்கலையும் குறித்துவர இன்னும் இரண்டு கட்டங்கள் போதும்.

அதுவரை, பணவீக்கம் உண்மையில் இன்னும் குறைவு என்று எழுதும் நண்பர்கள், எந்தக் குடும்பத்துக்கு, எந்தக் கூடையில், எந்தத் தர மதிப்பில் என்ற மூன்று சொற்றொடர்களையும் சேர்த்தே எழுதட்டும். கணக்கை முடித்ததும் அக்காவிடம் விடையைச் சொன்னேன்: ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்திவைத்து, "அதைத்தானே நான் தினமும் சொல்கிறேன்! ஆனால் வாடகைக்காரர் அரிசியை வாங்கிக்கொள்ள மாட்டாரே" என்றார். 720 ரூபாய் அரிசியாக வந்தது. 700 ரூபாய் பணமாகப் போனது. என் சுழியத்தில் அந்த வேறுபாடும் இல்லை. அதை நான் மாற்றி எழுத வேண்டும்.